ஆள் மாறும்போது ஸ்லைடு மாறக் கூடாது

கேள்வி: நானும் என் சக ஊழியரும் சேர்ந்து 20 நிமிட பிரசென்டேஷன் ஒன்று தர வேண்டும். முதல் பாதி நான், இரண்டாம் பாதி அவர். அவரை எப்போது, எப்படி அறிமுகப்படுத்துவது? நடுவில் தடுமாறாமல் எப்படி அவரிடம் ஒப்படைப்பது?

பதில்:

இரண்டு தடவை அறிமுகப்படுத்துங்கள். தொடக்கத்தில் பெயரை மட்டும் சொல்லுங்கள். கைமாறும் இடத்தில், அடுத்த பகுதியை ஏன் அவர் பேசுகிறார் என்ற காரணத்தைச் சொல்லுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பேச்சு கெட்டுப்போன பிறகுதான்.

நானும் என் தோழியும் (மீனா என்று வைத்துக்கொள்வோம்) ஒரு மருந்துக் கிடங்கில் தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டியைப் பற்றிப் பேசினோம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். இந்தப் பெட்டியோ தினமும் மதியம் 2 மணிக்கு மேல் 8 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெப்பநிலைப் பதிவுகளை அலசியது நான். காரணத்தைக் கண்டுபிடித்தது மீனா.

முதல் தடவை பேசியபோது என் பகுதியின் முடிவில், "என் பகுதி அவ்வளவுதான், இனி மீனா பேசுவார்" என்றேன். மீனா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். நான் மைக்கை அணைத்துவிட்டுக் கொடுத்தேன். அவர் பேச ஆரம்பித்தார், சத்தம் வரவில்லை. சுவிட்சைத் தேடிப் போட்டார். ஸ்லைடு மாற்றும் ரிமோட் என் கையிலேயே இருந்தது, திரும்பி வந்து கொடுத்தேன். "எல்லோருக்கும் வணக்கம், என் பெயர் மீனா, நான் இந்தத் துறையில்..." என்று அவர் புதிதாகத் தொடங்கினார். அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. எதிரே இருந்தவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். ஒரு பேச்சு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கும். மீனா கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த விஷயம் பாதிப் பேர் காதில் ஏறவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இரண்டாவது தடவை அதே பேச்சை வேறோர் இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது முதலில் மாற்றியது, எந்த இடத்தில் கைமாற்றுவது என்பதைத்தான். முன்பு நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்திருந்தோம். இப்போது யார் எதைச் செய்தாரோ அதை அவர் பேசுவது என்று பிரித்தோம். அப்படிப் பிரித்ததும் நடுவில் தானாகவே ஒரு கேள்வி வந்து நின்றது: ஏன் சரியாக 2 மணிக்கு? நான் அந்தக் கேள்வி வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பதிலை மீனா சொல்ல வேண்டும். கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ஆள் மாறினால், கேட்பவர்கள் பதிலுக்காகவே புதியவரைப் பார்ப்பார்கள். உங்கள் பேச்சில் இப்படி ஒரு கேள்வியே கிடைக்கவில்லை என்றால், பிரித்த இடம் தவறு என்று அர்த்தம். எல்லையை இரண்டு ஸ்லைடு முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தொடக்க அறிமுகத்தை ஒரே வரியில் முடித்தோம்: "நானும் மீனாவும் சேர்ந்து இந்தப் பெட்டியை ஒரு மாதம் கவனித்தோம்." அவர் ஆரம்பத்திலிருந்தே மேடையில், எனக்கு இரண்டடி பின்னால் நின்றார். அதனால் பாதியில் புது ஆள் ஏறி வரும் அந்த அமைதி இல்லாமல் போனது.

கைமாறும் இடத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "14 நாள் பதிவையும் பார்த்துவிட்டோம். தினமும் 2 மணிக்கு ஏறுகிறது, 3:30க்கு இறங்குகிறது. மின்சாரம் போகவில்லை, பெட்டியிலும் பழுதில்லை. அப்படியானால் 2 மணிக்கு அங்கே என்னதான் நடக்கிறது? மூன்று நாள் அந்தப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர், மீனா."

பெயர் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். தமிழில் இது வெகு இயல்பாக அமையும்: பார்த்தவர், கண்டுபிடித்தவர், கட்டியவர் என்று செய்ததைச் சொல்லிவிட்டுப் பெயரில் நிறுத்தலாம். "மீனா மூன்று நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தார், அவர் இப்போது அதைப் பற்றிச் சொல்வார்" என்றால், பெயரைக் கேட்டதுமே எல்லோரும் அவரைப் பார்த்துவிடுவார்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை அவர் வெறுமனே சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் கண்ணும் அப்படித்தான். அறிமுகம் முழுவதும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுங்கள், பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் பக்கம் திரும்புங்கள். எல்லோர் பார்வையும் உங்கள் பார்வையோடு சேர்ந்து அவரிடம் போய்விடும்.

படிப்பு, பதவி, அனுபவம் எதையும் நான் சொல்லவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார் என்பதைவிட, அந்த இடத்தில் அவர் பேச்சை நம்ப வைக்கும் தகுதி வேறில்லை. அவர் சொல்லப்போவதை முன்கூட்டியே சுருக்கியும் சொல்லாதீர்கள். "இப்போது மீனா மூன்று காரணங்களை விளக்குவார்" என்பது உதவி மாதிரித் தெரியும், ஆனால் அவருடைய முதல் வரியை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அப்புறம், தனியாக இருக்கும்போது நீ, வா, போ என்று பேசுகிறவர்களாக இருந்தாலும் மேடையில் இருவரும் ஒரே மரியாதையில் பேசுங்கள். ஒருவர் "சார்" என்று சொல்ல, மற்றவர் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் இன்னொருவரின் உதவியாளர் போலத் தெரியும்.

இனி ஸ்லைடு. பலர் கைமாறும் இடத்தில் இரண்டாமவரின் பெயரும் தலைப்பும் போட்ட ஒரு ஸ்லைடு வைக்கிறார்கள். நான் அதை எடுத்துவிட்டேன். மதியம் எகிறும் கோட்டைக் காட்டும் வரைபடம் திரையில் இருக்கும்போதே நான் முடித்தேன். மீனாவும் அதே படத்தில், அதே மேட்டைக் கைகாட்டித் தொடங்கினார்: "இந்த நேரத்தில்தான் ஷிப்ட் மாறுகிறது." குரல் மட்டும் மாறியது, கண்முன் இருந்த பொருள் மாறவில்லை. அதனால் கேட்பவர்களுக்கு அறுந்த உணர்வு வரவில்லை. ஷிப்ட் மாறும்போது இருப்பைச் சரிபார்க்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எண்ணுகிறார்கள், அதுதான் காரணம் என்று அவர் சொன்னபோது அறையில் ஒரு சலசலப்பு. அந்தச் சலசலப்புதான் முதல் தடவை எங்களுக்குக் கிடைக்காமல் போனது.

அவருடைய முதல் வரியை எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னேன். நன்றியும் வணக்கமும் அதில் இல்லை. நன்றி சொல்ல ஒரு தலையசைப்பு போதும். பேச்சின் மற்ற பகுதியை அவரவர் போக்கில் பேசலாம், ஆனால் என் கடைசி இரண்டு வரியும் அவருடைய முதல் இரண்டு வரியும் சொல் மாறக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அந்த நான்கு வரிகளை மட்டும் நின்றுகொண்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தோம். ஒரு தடவைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆளுக்கொரு பாதியை வீட்டில் பழகிவிட்டு வருகிறவர்கள் ஒட்டும் இடத்தைப் பழகுவதே இல்லை. பெரும்பாலும் கோளாறு வருவது அங்கேதான்.

மைக் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. ஒரே கைமைக் என்றால் அணைக்காமல் கொடுங்கள். நீங்கள் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு அடிப்பகுதியை நீட்டினால், வாங்குபவர் சரியான இடத்தில் பிடிப்பார். வலை போட்ட தலையைக் கையால் பொத்தாதீர்கள், கீச்சென்று சத்தம் வரலாம். ஆளுக்கொரு காலர் மைக் என்றால், பேசி முடித்தவருடையதை மியூட் செய்ய ஒலி பார்ப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இருமல்கூட அவர் பேச்சுக்கு நடுவில் கேட்கும்.

உங்கள் கால்களையும் கவனியுங்கள். அசைகிற பொருளைத்தான் கண் தொடரும். அவர் பேசத் தொடங்கிய பிறகு நீங்கள் மேடையில் நடந்தால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியைச் சொல்லும்போதே இரண்டடி விலகி, பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே நில்லுங்கள். அவர் பேசும்போது அவரையே பாருங்கள். குறிப்புத்தாளைப் புரட்ட வேண்டாம்.

அதிகம் கெடுப்பது நேரம். முதலில் பேசுபவர் நான்கு நிமிடம் இழுத்தால் அந்த நான்கும் இரண்டாமவர் கணக்கிலிருந்துதான் போகும். எங்கள் 20 நிமிடத்தை எனக்கு 8, அவருக்கு 10, மிச்சம் 2 என்று வைத்தோம். 6ஆவது நிமிடத்தில் நான் எந்த ஸ்லைடில் இருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அதற்குள் அங்கே வரவில்லை என்றால், பழைய பெட்டியோடு ஒப்பிடும் பகுதியை அப்படியே விட்டுவிட்டுக் கைமாறும் வரிகளுக்குப் போய்விட வேண்டும். எதை விடுவது என்பதை மேடையில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது, முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பின்னாலிருந்து சைகை காட்டும் ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. பேச்சின் வேகத்தில் அது கண்ணில் படாது, கூட்டத்தின் கண்ணில்தான் படும்.

ஆன்லைனில் என்றால் ஒருவரே கடைசிவரை திரையைப் பகிரட்டும். பகிர்வை நிறுத்தி இன்னொருவர் தொடங்கும்போது ஏற்படும் சில விநாடி வெறுமை மேடையைவிட அங்கே அதிகம் உறுத்தும். வாங்குபவர் தன் பெயர் வருவதற்கு ஒரு வரி முன்பே மியூட்டை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி நேரத்திலும் கைமாற்றம் உண்டு, ஆனால் அங்கே வரிசை தலைகீழ். யாரோ கதவைப் பற்றிக் கேட்டால், "மீனா, இது நீங்கள் பார்த்த விஷயம். இருப்பு எண்ண எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கிறார்" என்று பெயரை முதலில் சொல்லுங்கள். அவர் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருந்தாலும் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்துவிடுவார். நீங்கள் கேள்வியைத் திருப்பிச் சொல்லும் அந்த மூன்று நான்கு விநாடி, பதிலை யோசிக்க அவருக்குக் கிடைக்கும்.