மலிவாக விழும் ஓடர் யாருடையது? பேஸ்புக் விளம்பரம்: கேள்வி பதில்

முல்லைத்தீவிலிருந்து கருவாடும் ஒடியல் மாவும் பார்சலில் அனுப்புகிறேன் அண்ணா. போன மாதம் 24,000 ரூபாய் விளம்பரத்துக்கு 60 ஓடர். ஒன்றுக்கு 400 தான். காசைக் கூட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி. பேஸ்புக் வாங்கக்கூடிய ஆளைத்தான் தேடும். ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்தான் அதற்குச் சுலபமாக அகப்படுவார். அந்த 60 பேரின் போன் நம்பரையும் பழைய ஓடர் கொப்பியோடு ஒப்பிட வேண்டும். 077 என்றும் +94 77 என்றும் கலந்து எழுதியிருப்பீர்கள், அதனால் கடைசி ஒன்பது இலக்கத்தை மட்டும் எடுங்கள். எக்செல்லில் போன மாத நம்பர் A இல், பழையவற்றின் ஒன்பது இலக்கம் D இல் என்றால், B2 இலும் C2 இலும்:

```
=RIGHT(SUBSTITUTE(A2," ",""),9)
=COUNTIF(D:D,B2)
```

C இல் 0 வந்தால் புது ஆள். D இல் விளம்பரம் தொடங்குவதற்கு முந்திய ஓடர்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். போன மாதத்தையும் சேர்த்துவிட்டால் எல்லாரும் பழையவர்களாகிவிடுவார்கள்.

பார்த்தேன் அண்ணா. 42 பேர் பழையவர்கள், 18 பேர்தான் புதிது. ஒரு பார்சலில் எனக்கு 700 ரூபாய் மிஞ்சும்.

24,000ஐ 18 ஆல் பிரித்தால் ஒரு புது ஆளுக்கு ஏறக்குறைய 1,333 ரூபாய். முதல் பார்சலில் 633 கைநட்டம், அவர் இரண்டாம் தரம் வாங்கினால்தான் தலை நிமிரும். ஆனால் அந்த 42 பேரும் விளம்பரம் இல்லாமலே வாங்கியிருப்பார்கள் என்றும் முடிவுகட்ட வேண்டாம், சிலருக்கு அது நினைவூட்டியிருக்கலாம். சோதிக்க, பழைய நம்பர்களை வாடிக்கையாளர் பட்டியலாக ஏற்றி, ஒரு மாதம் விளம்பரத்திலிருந்து விலக்குங்கள். பழையவர்களின் ஓடர் அப்படியே வந்தால் அவர்களுக்குச் செலவழித்தது வீண். குறைந்தால், குறைந்த அளவுதான் விளம்பரத்தின் உழைப்பு. தைப்பொங்கல், சித்திரை வருசம் வரும் மாதத்தில் இதைச் செய்யாதீர்கள், கணக்குக் குழம்பும். விலக்கியதும் ஓடருக்கான செலவு ஏறும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், அதுதான் உண்மையான விலை.

பக்கத்தைப் பின்தொடர்பவர்களை நான் விலக்கிவிட்டேனே. அப்போ வருவதெல்லாம் புது ஆட்கள் தானே? (கிளிநொச்சி, துணிக்கடை)

பாதி சரி தம்பி. வாங்கியவர்களில் பலர் பக்கத்தைப் பின்தொடர்வதே இல்லை, பின்தொடர்பவர்களில் பலர் ஒரு நாளும் வாங்கியதில்லை. வாங்கக்கூடிய புது ஆட்களையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள். ஓடர் போட்டவர்களின் போன் நம்பரை வைத்து விலக்குங்கள். அப்போதும் முழுதாக நிற்காது: பேஸ்புக்கில் வேறு நம்பர் கொடுத்தவர்கள் தப்பி வருவார்கள். எனவே எக்செல் ஒப்பீட்டைக் கைவிட வேண்டாம்.

நான் கல்யாண வீடு படம் எடுக்கிறவன், வவுனியா. என் பழைய ஆட்கள் திரும்பி வருவதில்லையே, என்ன செய்ய?

உங்கள் தொழிலில் இந்தக் கலப்படம் பெரிதாக வராது. யாருடைய பேச்சைக் கேட்டு வந்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள், அது போதும்.

கனடாவில் இருக்கும் மகன் காசு கட்டுகிறார், பார்சல் புதுக்குடியிருப்பில் அம்மாவுக்கு. அடுத்த மாதம் அம்மாவே ஓடர் போடுகிறா. புதுசா, பழசா?

பழசு என்றே வைப்பேன் அக்கா, வீடு ஒன்றுதானே. ஓடர் போட்டவர் நம்பர், பார்சல் எடுப்பவர் நம்பர் இரண்டையும் தனித்தனியாக எழுதி, எது பொருந்தினாலும் பழசு என்று போடுங்கள். ஒரு வருசம் வாங்காதவரைப் புது ஆளாக எண்ணலாமா என்பதில்தான் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கருவாட்டுக்கு ஒரு வருசம் நீண்ட காலம், பட்டுச் சேலைக்கு அப்படியில்லை. எதை வைத்தாலும் மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள்.