காணும் பொங்கலா, காணோம் பொங்கலா? – கேள்வி பதில்

வெளிநாட்டில் வார இறுதி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பொங்கல் சொற்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சமையலும் பஞ்சாங்கமும் என் வேலை இல்லை.

இலண்டனில் இருக்கும் ஓர் அம்மா: போகி என்றாலே என் 6 வயது மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இங்கே பிள்ளைகள் பேச்சில் அது மூக்குச் சளி. தைப் பொங்கல் தாய்லாந்துப் பொங்கலா என்று வேறு கேட்கிறான்.

சிரிக்கட்டும் அம்மா. நம் ஊரில் ரயில் பெட்டியைக்கூடப் போகி என்கிறோம், அதனால் யாரும் ரயிலைக் கொளுத்திவிடவில்லை. தாய்லாந்துதான் கவலை. சுவரில் நான்கு நாள் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பீர்கள். அவன் பள்ளியில் கற்றபடி வாசிக்கிறான், பிழை அவனுடையது அல்ல. தமிழில் 'தை' ஒரே எழுத்து. இன்றே எழுதிவிடுவான். அந்த அட்டையைக் கிழியுங்கள்.

கனடாவில் ஓர் அப்பா: நான் யாழ்ப்பாணம், மனைவி மதுரை. மனைவி 'காணும் பொங்கல்' எண்டால், 'ஏன் பொங்கல் காணும்? எனக்கு இன்னும் வேணும்' எண்டு மகள் அழுகிறாள். எங்கட வீட்டில தைப்பொங்கலும் பட்டிப் பொங்கலும்தான். பிள்ளையைக் குழப்பிப் போட்டமோ?

இல்லை தம்பி, உங்கள் மகளுக்குக் காது நன்றாக வேலை செய்கிறது. உங்கள் பேச்சில் 'காணும்' என்றால் போதும். சோறு போடும்போது அப்பா 'காணும், காணும்' என்று கையை மறிப்பதைத் தினமும் பார்க்கிறாள். அதே சொல்லோடு ஒரு பண்டிகை வந்தால் பொங்கல் முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பாள். தென்மாவட்டத்தில் 'இந்தப் பணம் காணாது' என்பதும் இந்தப் பொருளில்தான், மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு குழியும் உண்டு. மதுரைப் பக்கம் சாவி தொலைந்தால் 'சாவியைக் காணோம்' என்பார்கள். வேகமாகச் சொன்னால் அது 'காணும்' என்றே காதில் விழும். ஆக ஒரே வீட்டில் ஒரே ஓசைக்குப் பார்ப்பது, தொலைந்தது, போதும் என்று மூன்று பொருள்.

மூன்றுக்கும் வேர் 'காண்'. 'காணோம்' பழைய எதிர்மறை வினை. காணேன் என்றால் நான் காணவில்லை, காணோம் என்றால் நாம் காணவில்லை. 'இல்லை' என்ற சொல் இல்லாமலே இல்லை என்று சொல்லும் வடிவம். அது தேய்ந்து 'காணும்' போல ஒலிக்கும்போதுதான் எதிரெதிர்ப் பொருள்கள் மோதிக்கொள்கின்றன. பண்டிகைப் பெயரில் உள்ளது வேறு. பறக்கும் தட்டு, ஓடும் ரயில் என்கிறோமே, அந்த 'உம்'. உற்றார் உறவினரைக் காணும் நாள்.

மகளிடம் இலக்கணம் பேச வேண்டாம். 'பறக்கும் பட்டம், ஓடும் பஸ், காணும் பொங்கல்' என்று வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு 'அன்றைக்கு யாரைக் காணலாம்?' என்று கேளுங்கள். பெரியம்மா, மாமா என்று ஒரு பெயர் சொன்னால் புரிந்துவிட்டது. 'எதைக் காணோம்?' என்று திரும்பிக் கேட்டால் இன்னும் ஒரு வாரம் ஆகும். அம்மா மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் சொல்லட்டும், அப்பா மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்றே சொல்லட்டும். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுத வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து: கணுப் பொங்கல்தானே மருவிக் காணும் பொங்கல் ஆயிற்று? பாட்டி சொல்வார்.

ஓசை நெருங்குகிறது, நாள் நெருங்கவில்லை. மஞ்சள் இலையில் வண்ணச் சோறு வைத்து உடன்பிறந்தவனுக்காக வேண்டிக்கொள்ளும் கணுப்பிடி, மாட்டுப் பொங்கலன்று காலையில். காணும் பொங்கல் மறுநாள். பாட்டியோடு சண்டை போடாதீர்கள், பிள்ளையிடம் மட்டும் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசிக்கு எவ்வளவு வெல்லம்?

அம்மாவுக்குப் போன் போடுங்கள்.

தஞ்சாவூர்த் தாத்தா: பேத்தி அமெரிக்காவில். 'போகி' தவறு, 'போக்கி'யே சரி என்று எழுதியனுப்பினேன். பழையதைப் போக்குவதால் போக்கி. சரிதானே?

பாதி சரி ஐயா. வழக்கத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ் 'க்'கைச் சும்மா விழுங்குவதில்லை. போகு, போக்கு, ஆகு, ஆக்கு. ஒரு மெய்தான் தானாக நடப்பதையும் நாம் நடத்துவதையும் பிரிக்கிறது. 'போக்கி' பேச்சில் 'போகி' ஆனதென்றால், அப்படித் தேய்ந்த இன்னொரு சொல்லைக் காட்ட வேண்டும்.

ஹைதராபாத்தில் வளர்ந்தவர்: தெலுங்கிலும் அதே நாள் போகிதான். மராட்டியிலும் உண்டு. அங்கே 'போக்கு' ஏது?

அதைத்தான் சொல்ல வந்தேன். தெலுங்கில் கனத்த 'ப'வோடு எழுதுகிறார்கள். தமிழ்நாட்டிலும் இதைப் 'போ' என்ற சொல்லைப் போலத் தொடங்காமல், 'பொம்மை'யின் முதல் எழுத்தைப் போல அதிர்வோடுதான் சொல்கிறோம். 'போக்கு' என்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தஞ்சாவூர்த் தாத்தா: நம்மிடமிருந்து அவர்கள் எடுத்திருக்கலாமே! இந்திரன் என்று சொல்லவா வருகிறீர்கள்?

எடுத்திருந்தால் 'க்க்' கூடவே போயிருக்கும் ஐயா, தெலுங்கிலும் இரட்டை மெய் உண்டு. போகி என்பது இந்திரனுக்கு ஒரு பெயர், உண்மை. அதற்காக விஷயம் முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழா சித்திரையில் வருகிறது. மார்கழிக் கடைசி நாளில் இந்திரன் ஏன் வந்தான் என்பதை யாராவது எனக்கு விளக்கினால் நல்லது. பேத்தியிடம் 'பழையதைப் போக்கும் நாள் போகி' என்று சொல்லுங்கள், நினைவில் நிற்கும். எழுத்தை மட்டும் மாற்றாதீர்கள். நாட்காட்டியில் 'போகி' என்று பார்த்ததும் தாத்தாவுக்கு எழுதத் தெரியாது என்று நினைப்பாள்.

மெல்பர்ன் அப்பா: மகள் 'மாடு பொங்கல்' என்கிறாள். திருத்தினால் 'சட்டையை மாட்டுவதா?' என்கிறாள். பொங்கல் 14ஆ 15ஆ என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டுப்பாடம் என்று சொல்கிறாளா? அதிலேயே விதி இருக்கிறது. வீடு வீட்டு, காடு காட்டு, மாடு மாட்டு. இவற்றை மட்டும் சொல்லிவிட்டு, 'ஆடு, அதற்கு ஒரு பொங்கல் வைத்தால்?' என்று கேளுங்கள். 'ஆட்டுப் பொங்கல்' என்று அவளாகவே சொன்னால் விதி பிடிபட்டது. அதே வேகத்தில் 'பாம்ப்புப் பொங்கல்' என்று போகலாம். பயப்படாதீர்கள், டு, று என்று முடியும் சொற்கள்தான் இப்படி இரட்டிக்கும் என்று பிறகு தெரிந்துகொள்வாள். ஆங்கில எழுத்தில் இதை எழுதினால் மாட்டு, மட்டு, மத்து மூன்றும் ஒன்றாகிவிடும். மறுபடியும் சொல்கிறேன், எழுதாதீர்கள். தேதிக்கு நாட்காட்டி.

இலண்டன் அம்மா மீண்டும்: அட்டையைக் கிழித்துவிட்டேன். இங்கே உறவினர் யாரும் இல்லை, தாத்தா பாட்டியோடு வீடியோவில்தான் பேச்சு. அவன் 'காணோம் பொங்கல்' என்கிறான். திருத்தவா?

'பாட்டியைக் காணோம்' என்று முழுதாகச் சொல்லக் கற்றுக் கொடுங்கள், 'ஐ' விட்டுப்போகிறது. அவன் வைத்த பெயரை நான் திருத்த மாட்டேன்.

புதிதாக ஒருவர்: எல்லாம் சரி, பொங்கல் 14ஆ 15ஆ?

தை 1. அது 2024இல் 15ஆம் தேதி, 2025இல் 14ஆம் தேதி. இத்தோடு தேதிக் கடையை மூடுகிறேன்.