மாமா எழுதிக்கொடுத்த தாளை அனுப்ப வேண்டாம்

அக்கா, நேற்று பாலக்கோட்டிலிருந்து பாப்பாவைக் கூட்டிவந்து ஒரு தாளை நீட்டினீர்கள். அறக்கட்டளை உதவித்தொகைக்கு "உங்களைப் பற்றி 150 சொற்களில்" எழுதச் சொன்ன இடத்துக்கு உங்கள் தம்பி எழுதிக்கொடுத்தது. "மிகவும் ஏழ்மையான குடும்பம்", "கண்ணீரில் கழியும் நாட்கள்", அப்பாவின் குடி, கடைசியில் "தயவுகூர்ந்து கைதூக்கி விடுங்கள்". படித்தால் கல்லும் கரையணும் என்று தம்பி சொன்னதாகச் சொன்னீர்கள்.

பயப்படாதீர்கள், இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் வேண்டாம். விண்ணப்பங்களைப் படிப்பவர் முன்னால் வறுமை என்ற சொல் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதற்குத்தான் வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். இந்த 150 சொல்லில் அவர்கள் தேடுவது, கஷ்டம் வந்தபோது இந்தப் பெண் என்ன செய்தாள், இனி என்ன செய்யப் போகிறாள் என்பதை.

அந்தத் தாளில் இரண்டாவது விஷயத்துக்கு இருந்தது ஒரே வரி: "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்து சாதிக்க விரும்புகிறேன்." ஏன் என்று பாப்பாவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அது ஓசூர் கம்பெனியில் இருக்கும் மாமாவின் ஆசை. ஆசை இரவலாக இருந்தால் எழுத ஒன்றும் இருக்காது. அந்த இடத்தை நிரப்பத்தான் கண்ணீர் வருகிறது.

பிறகு வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன். பட்டுப்புழு வளர்க்கும் மனையைப் பற்றி அரை மணி நேரம் பேசினாளே, நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள்! பிளஸ் ஒன் கோடையில் புழுக்கள் ஊதி, தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்து, தோல் கிழிந்து பால்போல் வடிந்ததை முதலில் பார்த்தது அவள்தான். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதவைத்தேன்:

"ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தேன். அப்பா ஆண்டில் எட்டு மாதம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறார். ஒரு ஏக்கர் மல்பெரியையும் பட்டுப்புழுவையும் அம்மாவும் நானும் பார்க்கிறோம். பிளஸ் ஒன் கோடையில் பால்புழு நோய் வந்தது. 100 முட்டைத்தொகுதிக்கு 70 கிலோ கூடு எடுக்கும் நாங்கள் 19 கிலோதான் எடுத்தோம். அடுத்த வளர்ப்புக்கு முன் மனையைக் கழுவி மருந்தடித்தோம். நான் தெர்மாமீட்டர் மாட்டி தினம் மூன்று வேளை வெப்பம் குறித்தேன். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினேன். நோயுற்ற புழுக்களைப் பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டேன். 64 கிலோ எடுத்தோம். பட்டு வளர்ப்பில் பட்டம் படித்து, எங்கள் ஊரில் இளம்புழு வளர்ப்பு மையம் நடத்த விரும்புகிறேன்."

கஷ்டம் இதிலும் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரே தடவை, மாதமும் கிலோவுமாக. அதற்கு அடுத்த வரியிலேயே அவள் செய்த வேலை நிற்கிறது. இன்னும் பாதி இடம் மிச்சமிருக்கிறது. இளம்புழு மையம் ஏன் என்பதை அவளே அதில் எழுதட்டும்: முட்டை பொரிந்ததும் வரும் முதல் இரண்டு வளர்ச்சிப் பருவத்தில் புழு நலிந்தால் பின்னால் எவ்வளவு தழை போட்டாலும் தேறாது. நேர்காணலில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் இரண்டு நிமிடம் பேச முடிகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பேச முடியாத வரியை எடுத்துவிடுங்கள். வருமானத் தொகையை எழுதினால் அது சான்றிதழில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும்.

அப்பாவின் குடியை எழுதுவதா வேண்டாமா என்பது பாப்பாவின் முடிவு. மாமாவோ நீங்களோ நானோ சொல்லக் கூடாது. அவள் வேண்டாம் என்றாள். முடிந்தது.

படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பட்டு வளர்ப்புக்கு நான்கு ஆண்டுப் பட்டம் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கிடைக்காவிட்டால் இந்த உதவித்தொகை இன்னும் முக்கியம். முடித்தபின் பட்டுப்புழு முட்டை உற்பத்தி செய்யும் வித்தகம், பட்டு நூற்பாலை, பட்டு வளர்ச்சித் துறைத் தேர்வு என்று வழி உண்டு. கூடு விற்கத் தர்மபுரியிலேயே பட்டுக்கூடு அங்காடி இருப்பது உங்களுக்குத் தெரியாததா!

நகையை வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டு வாங்கும் பேச்சு இனி வேண்டாம் அக்கா. அந்தக் கடனை அடைக்கப் போவது தம்பி இல்லை.

வெள்ளிக்கிழமை வரும்போது பாப்பா வெப்பம் குறித்த அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுவோம்.