வைட்டமின் போத்தலும் கோணேசர் மலை ஏறாத முழங்காலும்

"அம்மாவுக்கு 61 வயது. பத்து வருஷமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. 'வைட்டமின் ஈ மாரடைப்பை 40 சதவீதம் குறைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தெரிந்த ஒருவர் மூன்று மாதத்துக்கான போத்தல்களைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். இதை எடுத்தால் கிளினிக் குளிசையில் ஒன்றைக் குறைக்கலாம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?" – உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி

வாங்க வேண்டாம். கிளினிக்கில் தந்த குளிசைகளில் ஒன்றையேனும் அந்த மனிதரின் பேச்சைக் கேட்டு நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். உங்களுக்குத் தேவையான விடை இவ்வளவுதான். ஆனால் நாளை வேறொரு போத்தலோடு வேறொருவர் வருவார் என்பதால், அந்தச் செய்தி ஒரு பொய் எண்ணும் சொல்லாமலேயே உங்களை எப்படி ஏமாற்றுகிறது என்பதையும் விளக்கிவிடுகிறேன்.

அந்த 40 என்ற எண் யாரும் கற்பனையில் உண்டாக்கியதல்ல. அமெரிக்காவில் 87,245 பெண் தாதியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1993இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வைட்டமின் ஈ குளிசை எடுத்துவந்த தாதியரிடம் இருதய நோய், எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ஆய்வாளர்கள் அந்தக் குளிசையை யாருக்கும் கொடுக்கவில்லை. யார் எடுக்கிறார்கள், யார் எடுக்கவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள், அவ்வளவே. இது காரணத்தையும் விளைவையும் நிரூபிக்கும் ஆய்வல்ல என்று அவர்களே தங்கள் கட்டுரையின் சுருக்கத்தில் எழுதியும் வைத்தார்கள். உங்களுக்கு வந்த செய்தியில் அந்த வரி இல்லை. 'எடுத்தவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது' என்ற வினைச்சொல்லைத் தூக்கிவிட்டு 'குறைக்கும்' என்ற வினைச்சொல்லை வைத்துவிட்டார்கள். முழுக் கோளாறும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.

இதை நம் ஊர் முழங்கால்களை வைத்துப் பார்ப்போம். விடியற்காலையில் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் நிற்கும் பாதையைக் கடந்து, கோணேசர் கோயிலுக்கு நாள்தோறும் ஏறிப் போகும் முதியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் 100 பேரையும், ஏறாதவர்களில் 100 பேரையும் பிடித்து முழங்கால் வலி உண்டா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஏறுபவர்களில் 10 பேருக்கு வலி இருக்கிறது, ஏறாதவர்களில் 40 பேருக்கு இருக்கிறது. மறுநாள் தலைப்பு தயார்: 'நாள்தோறும் மலை ஏறினால் முழங்கால் வலி நான்கில் ஒரு பங்காகும்!' அடுத்த கிழமை உங்கள் மாமா, ஏற்கெனவே வீங்கிய காலோடு, கைத்தடியை ஊன்றி ஏறத் தொடங்கிவிடுவார்.

இப்போது ஏறாத அந்த 40 நோயாளிகளிடம் போய், முன்பு எப்போதாவது ஏறினீர்களா என்று கேளுங்கள். அவர்களில் 30 பேர், "ஏறிக்கொண்டுதான் இருந்தேன், கால் நோவு வந்தபிறகு விட்டுவிட்டேன்" என்கிறார்கள். அப்படியானால் ஏறாததால் வலி வரவில்லை. வலி வந்ததால் ஏறுவது நின்றது. அந்த 30 பேரையும் அவர்கள் தொடங்கிய பக்கத்திலேயே வைத்து எண்ணிப் பாருங்கள். ஏறத் தொடங்கியவர்கள் 130 பேர், அவர்களில் வலி கண்டவர்கள் 40 பேர், அதாவது 100க்கு ஏறத்தாழ 31. மற்ற 70 பேரும் ஒருபோதும் ஏறாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம், அவர்களில் வலி உள்ளவர்கள் 10 பேர், அதாவது 100க்கு 14. அதே 200 மனிதர்கள், அதே முழங்கால்கள், ஆனால் தலைப்பு தலைகீழாகிவிட்டது. மலை ஏறுவதுதான் முழங்காலைக் கெடுக்கிறது என்றும் இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஏறுபவர்கள் வயதில் மூத்தவர்களாக இருக்கலாம், வாழ்நாள் முழுவதும் மூட்டை சுமந்தவர்களாகவும் இருக்கலாம். இரண்டு விடயங்கள் சேர்ந்து வருகின்றன என்று மட்டுமே எண்ணிக்கை சொல்கிறது. எது எதை இழுத்து வந்தது, அல்லது மூன்றாவது ஒன்று இரண்டையும் இழுத்து வந்ததா என்று அது சொல்வதில்லை.

தாதியர் கதையில் நடந்தது பெரும்பாலும் அந்த மூன்றாவது வகை. நோய் எதுவும் இல்லாதபோதே தன் கைக்காசைக் கொடுத்து வைட்டமின் வாங்கி, இரண்டு வருடம் விடாமல் எடுக்கும் பெண் எப்படிப்பட்டவள் என்று எண்ணிப் பாருங்கள். அவள் பெரும்பாலும் சிகரெட் பிடிக்கமாட்டாள், நடப்பாள், சாப்பாட்டில் கவனமாக இருப்பாள், கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். அவளுடைய இருதயத்தைக் காத்தவை அந்தப் பழக்கங்களாக இருக்க, பெயரைக் குளிசை தட்டிக்கொண்டு போயிற்று. ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. புகைத்தல், உடற்பயிற்சி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள், அப்போதும் வித்தியாசம் நின்றது. ஆனால் கேட்டு எழுதிக்கொண்டதைத்தான் கழிக்க முடியும்; கேட்காததை எந்தக் கணக்காலும் கழிக்க முடியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வழி உண்டு. யார் குளிசை எடுப்பது என்பதை மனிதரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விடுவது. குலுக்கல், நடப்பவரையும் நடக்காதவரையும், பணக்காரரையும் ஏழையையும், கேட்ட பழக்கத்தையும் கேட்காத பழக்கத்தையும் இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரித்துவிடும். அதன் பிறகு இரு பக்கத்துக்கும் இடையில் மிஞ்சுகிற வித்தியாசம் குளிசை ஒன்றுதான். அப்படி ஒரு சோதனை நடத்தி 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஹோப் என்பது அதன் பெயர். அதில் சேர்க்கப்பட்டவர்கள் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், ஏற்கெனவே இருதய, இரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், அல்லது சீனி வருத்தத்தோடு பிரஷர் போன்ற இன்னொரு ஆபத்தும் உள்ளவர்கள். உங்கள் அம்மாவின் வயதும் வருத்தமும் அப்படியே இதற்குள் வருகின்றன.

4,761 பேர் நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ எடுத்தார்கள். 4,780 பேர் பார்வைக்கு அதே போன்ற, மருந்தில்லாத குளிசையை எடுத்தார்கள். சராசரியாக நாலரை ஆண்டுகள் சென்றபின், மாரடைப்பு, பக்கவாதம், அல்லது இவை போன்ற நோயால் மரணம் என்ற மூன்றில் ஒன்று வந்தவர்கள் வைட்டமின் பக்கத்தில் 772 பேர், வெறும் குளிசைப் பக்கத்தில் 739 பேர். 40 சதவீதம் என்ற அந்தப் பெரிய நன்மை குலுக்கலின் முன் நிற்கவில்லை. அதே சோதனையில் ராமிப்ரில் என்ற சாதாரண பிரஷர் குளிசையும் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டது. அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மரணத்தையும் உண்மையிலேயே குறைத்தது. அம்மாவின் கிளினிக் கொப்பியில் எனலாப்ரில் என்று எழுதியிருந்தால் அது இதே குடும்பத்து மருந்து. போத்தல்காரர் நிறுத்தச் சொல்வது ஒருவேளை அந்தக் குளிசையையாகக்கூட இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை, ஏனெனில் இதுவரை சொன்ன பாடத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டு 'அப்படியானால் சிகரெட்டும் புற்றுநோயும்கூட வெறும் சேர்க்கைதானே' என்று வாதாடுகிறவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். யார் புகைப்பது என்று யாரும் குலுக்கல் போடவில்லை, போடவும் முடியாது. ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். குலுக்கல் முறையைப் புள்ளியியலுக்குத் தந்த ரொனால்ட் ஃபிஷரே, புகைக்கத் தூண்டும் ஏதோவொரு பரம்பரைக் கூறுதான் புற்றுநோயையும் தருகிறதோ என்று கிளப்பினார். அவர் பைப் புகைப்பவர், புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகராகவும் இருந்தவர்.

அவருக்கான விடை 1959இல் வந்தது, அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளக்கலாம். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஒன்பது மடங்கு அதிகம் என்றால், அதை முழுவதும் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் மறைவான காரணம் ஒன்று புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய ஒன்று எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்காது. இன்னும், சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்து கூடியது. விட்டவர்களுக்கு வருடங்கள் போகப்போகக் குறைந்தது. வைட்டமின் செய்தியில் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய வித்தியாசத்தை நாலு நல்ல பழக்கங்கள் சேர்ந்தே உண்டாக்கிவிடும்.

இனிப் போத்தல்காரருக்கு வருகிறேன். இவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆய்வின் முதற்பக்கத்தை நிறப்படி எடுத்து, எண்ணின் கீழே மஞ்சள் மை பூசி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார்கள். அதில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். 1993 என்று இருந்தால், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பிறகு, 'குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்களா, அல்லது எடுத்தவர்களை எண்ணிப் பார்த்தார்களா' என்று கேளுங்கள். பதிலாகத் தன் மைத்துனருக்குச் சுகமான கதையைத் தொடங்கினால், தேநீரைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவருக்குக் கமிஷன் ஒரு போத்தலுக்கு இவ்வளவு என்று இருக்கும், அதற்கு மேல் உங்களையும் ஆள் சேர்க்கச் சொல்வார்.

அவரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. விடியுமுன் வந்து துண்டு எடுத்து, பத்து மணிவரை வாங்கில் காத்திருந்த ஒரு தாய்க்குக் கிளினிக்கில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள். எந்தக் குளிசை எதற்கு என்று அந்த நிமிடங்களுக்குள் எவரும் சொல்லமாட்டார்கள், கேட்டால் சினப்பார்கள். போத்தல்காரரோ வீட்டுக்கே வந்து ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசுகிறார். கிளினிக் விட்ட இடத்தில்தான் அவர் பாய் விரிக்கிறார். செய்தி போடுகிறவர்களும் தலைப்பை மொழிபெயர்க்கிறார்களே தவிர, ஆய்வின் ஆண்டைக்கூடப் போடுவதில்லை.

அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு சேர்த்து, அம்மா வீட்டில் எடுக்கும் எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வைட்டமின் ஈ ஏற்கெனவே தொடங்கிவிட்டார் என்றால் அதை மறைக்க வேண்டாம். முக்கியமாக, வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசை எடுப்பவராக இருந்தால், அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும் என்பதால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். கொப்பியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது சீனிக்கா, பிரஷருக்கா, கொலஸ்ட்ரோலுக்கா என்று தமிழில் ஒரு சொல் எழுதித் தரும்படி மருந்து கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். முகம் சுளித்தாலும் பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.