அவனா அவளா என்று சொல்லாத காதல் கவிதை

அன்புள்ள ஐயா,

ஃபின்னிஷிலும் ஹங்கேரியனிலும் அவன், அவள் என்ற பிரிவே இல்லை என்று உங்கள் பழைய குறிப்பு ஒன்றில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அப்படியானால் அந்த மொழிக் காதல் கவிதையை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறவர் என்ன செய்வார்? இப்போதுதான் ஒருவரைக் குறிக்கவும் ‘தே’ போடுகிறார்களே, அதைப் போட்டால் முடிந்துவிடாதா? நீங்களாக இருந்தால் எதைப் போடுவீர்கள்?

கே., திருச்சி

*

அன்புள்ள கே.,

ஒரு கவிதையை எடுத்துவைத்துக்கொண்டு பேசுவோம். ஃபின்லாந்தின் நாட்டுப்பாடல் அது. எலியாஸ் லோன்ரோட் 1840-இல் வெளியிட்ட ‘கன்தெலெதார்’ தொகுப்பில் இருக்கிறது. அதற்கு முன்பே ஐரோப்பாவுக்குத் தெரிந்துவிட்ட பாட்டு. ஜெர்மன் கவிஞர் கதே அதை 1810-இல் தன் மொழியில் எழுதினார். ‘யோஸ் முன் துத்துனி துலிசி’ என்று தொடங்கும். நான் தமிழில் இப்படிப் போட்டுப் பார்த்தேன்:

எனக்குத் தெரிந்த முகம் வந்தால்,
முன்பு கண்டது கண்ணில் பட்டால்,
தாவி முத்தம் வைப்பேன்,
வாயெல்லாம் ஓநாய் ரத்தம் என்றாலும்;
கையைப் பற்றிக்கொள்வேன்,
உள்ளங்கையில் பாம்பு இருந்தாலும்.
காற்றுக்கு மனம் இருந்தால்,
வறண்ட காற்றுக்கு நாக்கு இருந்தால்,
சொல் கொண்டுவரும், சொல் கொண்டுபோகும்,
கூடுதலாய் ஒரு சொல்லும் சுமக்கும்
அன்பு கொண்ட இருவர் நடுவே.
விருந்துச் சாப்பாட்டை விட்டுவிடுவேன்,
பாதிரி வீட்டு வறுத்த கறியை மறந்துவிடுவேன்,
என் செல்லத்தை விடமாட்டேன்,
கோடையெல்லாம் பழக்கிய பிறகு,
குளிரெல்லாம் இணக்கிய பிறகு.

தமிழில் இது தப்பித்துவிட்டது, கவனித்தீர்களா? நம் வினைமுற்று வந்தான், வந்தாள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘வந்தால்’ காட்டிக்கொடுக்காது. பாட்டு முழுக்க ‘வந்தால்’, ‘இருந்தால்’ என்று நடப்பதாலும், மற்ற வினையெல்லாம் ‘வைப்பேன்’, ‘விடமாட்டேன்’ என்று தன்மையிலோ, ‘கொண்டுவரும்’ என்று காற்றைப் பற்றியோ இருப்பதாலும் நமக்குப் பிரச்சினை வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் நான் விலை கொடுத்தேன். மூலத்தில் ‘முகம்’ கிடையாது. ‘என் தெரிந்த ஆள்’ என்ற பொருளில் ஒரே சொல். தெரிந்தவன், தெரிந்தவள் இரண்டையும் தவிர்க்கத்தான் முகத்தைக் கொண்டுவந்தேன். ‘தெரிந்தவர்’ என்று போட்டிருக்கலாம். ஆனால் காதல் பாட்டில் பெண் குரலில் ‘அவர்’ என்று வந்தால் நம் காதில் அது புருஷன்தான்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. மூலத்தில் அந்த ஆளைக் குறிக்கும் பிரதிப்பெயர் இரண்டே இடத்தில்தான் வருகிறது: முத்தம் வைக்கும் இடத்தில் ஒன்று, கை பற்றும் இடத்தில் ஒன்று. இரண்டு இடத்திலும் ‘ஸில்லெ’, அதாவது ‘அதற்கு’. ஃபின்னிஷில் மனிதரைக் குறிக்க ‘ஹேன்’ என்று தனிச் சொல் உண்டு. அதுவும் ஆண் பெண் இருவருக்கும் பொது. ஆனால் பேச்சுமொழியில், வட்டார வழக்குகளில், மனிதரையும் ‘ஸெ’, அதாவது ‘அது’ என்றே சொல்வார்கள். நம் ‘அது’ போல அதில் இளக்காரம் எதுவும் இல்லை. வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான்.

இதே வரிகளை ஆங்கிலத்தில் இயல்பாக எழுதினால் ஆறு இடத்தில் பிரதிப்பெயர் கேட்கும். முத்தம் யாருக்கு, கை யாருக்கு என்று இரண்டு. ரத்தம் யார் வாயில், பாம்பு யார் உள்ளங்கையில் என்று இரண்டு. யாரைப் பழக்கினேன், யாரை இணக்கினேன் என்று கடைசி வரிகளில் இரண்டு. ஃபின்னிஷ் அந்தக் கடைசி இரண்டு வரிகளிலும் ‘யாரை’ என்று சொல்வதே இல்லை. முன்வரியின் ‘என் செல்லம்’ போதும் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி விட்டால் வாக்கியம் நொண்டும்.

இந்த ஆறில் முதல் நாலைச் சமாளித்துவிடலாம். ‘அவன் வாய்’ என்பதற்குப் பதில் ‘அந்த வாய்’, ‘அந்தக் கை’ என்று ஆங்கிலத்திலும் எழுத முடியும், அழகாகவும் இருக்கும். இக்கட்டு கடைசி இரண்டில்தான். அங்கே எதைப் போடுகிறோம் என்பது பாட்டின் பொருளையே திருப்பிவிடுகிறது.

‘ஹெர்’ போட்டுப் பாருங்கள். கோடையெல்லாம் அவளைப் பழக்கினேன், குளிரெல்லாம் அவளை இணக்கினேன். ஒரு ஆண் பேசுகிறான், பெண்ணைத் துரத்தி மசியவைத்த கதை. உலகமெங்கும் கேட்ட கதை. ‘ஹிம்’ போட்டுப் பாருங்கள். ஒரு பெண், இரண்டு பருவம் பொறுமையாக இருந்து ஒரு ஆணைத் தன் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள், அதை வாய்விட்டுச் சொல்கிறாள். ஓநாய் ரத்தம் படிந்த வாய் முரட்டு வேட்டைக்காரனின் வாயாகத் தெரியத் தொடங்குகிறது. அவனைப் பழக்கினேன் என்ற சொல்லுக்குக் காட்டு விலங்கைப் பழக்கிய சாயலும் வந்துவிடுகிறது. சொல் ஒன்றுகூட மாறவில்லை, பிரதிப்பெயர் மட்டும்தான்.

இதில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் கை ‘ஹெர்’ பக்கம்தான் போகும். பழக்குவது, வளைப்பது எல்லாம் ஆண் செய்வது என்று நம் மூளையில் பதிந்திருக்கிறது. ஆகவே முதலில் தடயம் தேட வேண்டும். பாட்டுக்குள் தாடியோ தாவணியோ எதுவும் இல்லை. பாட்டுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. கன்தெலெதாரின் இரண்டாம் புத்தகத்தை லோன்ரோட் பாடுகிறவர்களை வைத்துப் பிரித்திருக்கிறார்: கன்னிப் பெண்களின் பாடல்கள், மணமான பெண்களின் பாடல்கள், பையன்களின் பாடல்கள், ஆண்களின் பாடல்கள் என்று. இந்தப் பாட்டு கன்னிப் பெண்களின் பகுதியில் இருக்கிறது. கதேவும் இதைப் பெண் குரலாகத்தான் கேட்டார். அவருக்கு ஃபின்னிஷ் தெரியாது, பயண நூலில் வந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான் எடுத்தார். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கே பால் உண்டு என்பதால் அவருக்குத் தள்ளிப்போடும் வசதிகூட இல்லை. முதல் வரியிலேயே ஆண்பால், கடைசியில் ‘நண்பன்’ என்று ஆண்பால்.

இனி நீங்கள் கேட்ட ‘தே’. நடப்பு ஆங்கிலத்தில் அது ஒருவரைக் குறிக்கும், சரிதான். பால் அடையாளத்தை அப்படி வைத்துக்கொள்பவர்களைப் பற்றிய கவிதையில் அதைத்தான் போட வேண்டும், வேறு எது போட்டாலும் தப்பு. ஆனால் இந்தப் பாட்டில் பதினோராம் வரியில் ‘இருவர்’ என்று எண்ணிச் சொல்லியிருக்கிறது. காற்று இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று இரண்டு பேருக்கு நடுவில்தான் போய்வருகிறது. ‘தெம்’, ‘தெயர்’ என்று நாலு தடவை படித்துவிட்டு அந்த வரிக்கு வருகிற வாசகர், அங்கே எத்தனை பேர் என்று ஒரு கணம் எண்ணத் தொடங்குவார். அந்த ஒரு கணம் போதும், பாட்டு கையை விட்டுப் போய்விடும்.

இன்னொரு குறுக்குவழி, எல்லாவற்றையும் ‘யூ’ ஆக்குவது. ‘நீ வந்தால் முத்தம் வைப்பேன்.’ ஆங்கில ‘யூ’வுக்குப் பால் இல்லை, ஆறு இடமும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். பலர் இதைச் செய்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. ஆள் எதிரே இல்லை என்பதுதான் இந்தப் பாட்டு. எதிரே இருந்தால் காற்றிடம் ஏன் சொல் அனுப்ப வேண்டும்? ‘நீ’ என்று கூப்பிட்ட உடனே அந்த ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

மூலமே ‘நீ’ என்று பேசும்போது மட்டும் மொழிபெயர்ப்பாளர் நிம்மதியாக மூச்சு விடலாம். ஹங்கேரியில் ‘தவசி சேல்’ என்று ஒரு நாட்டுப்பாடல் உண்டு. வசந்தக் காற்று நீரைப் பெருக்குகிறது, பறவையெல்லாம் துணை தேடிக்கொள்கின்றன, நான் யாரைத் தேர்ந்தெடுக்க என்று கேட்டுவிட்டு, ‘தெ எங்கெமெத், ஏன் தேகெதெத்’ என்று பதிலும் சொல்கிறது. நீ என்னை, நான் உன்னை. அங்கே வினைகூட இல்லை. வரிக்கு வரி வரும் ‘என் பூவே’ மட்டும் ஆங்கிலக் காதில் பெண்ணைக் கூப்பிடுவதாகக் கேட்கும்.

படர்க்கைக்கு வந்தால் ஹங்கேரியன் ஃபின்னிஷை விடவும் சிக்கல். ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பது ‘செரெத்லெக்’ என்று ஒரே சொல், அதில் தொல்லை இல்லை. ‘செரெதி’ என்பதும் ஒரே சொல்தான், ஆனால் நேசிப்பவர், நேசிக்கப்படுபவர் இரண்டு பேரும் அந்த விகுதிக்குள் இருக்கிறார்கள். அவன் அவளை, அவள் அவனை, அவன் அவனை, அவள் அவளை, நாலும் சரி. பிரதிப்பெயரான ‘ஓ’ எழுதப்படவே வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு தீர்மானம். யோசிக்காமல் எழுதினால் ‘அவன் அவளை’ என்று தானாக வந்து விழும், மற்ற மூன்றும் இருந்ததே யாருக்கும் தெரியாது.

அப்படியானால் கெட்டிக்காரத்தனமாக ஆறு இடத்திலும் நழுவி, பிரதிப்பெயரே இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் மூலத்துக்கு உண்மையாக இருந்ததாகுமா? வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை. ஃபின்னிஷ்காரர் இந்தப் பாட்டைக் கேட்கும்போது அங்கே எதுவும் மறைக்கப்பட்டதாக அவருக்குத் தோன்றாது. அவர் மொழியில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ஆங்கில வாசகருக்கோ பதினாறு வரியில் ஒரு ‘ஹிம்’மும் இல்லை, ஒரு ‘ஹெர்’ரும் இல்லை என்றால் ஏதோ ஒளிக்கப்படுகிறது என்று மூக்கில் வாசம் அடிக்கும். வெளியே சொல்லமுடியாத காதல் என்று படிப்பார். அதுவும் ஒரு நல்ல கவிதைதான். ஆனால் அந்தப் பெண் இதில் எதையும் ஒளிக்கவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுகிறாள்.

ஆகவே நான் ‘ஹிம்’ போடுவேன். ஒரே கவலை, அதை எந்த இடத்தில் முதலில் போடுவது என்பது. முன்வரிகளில் ‘அந்த வாய்’, ‘அந்தக் கை’ என்று போய்விட்டு, கடைசி இரண்டு வரியில் முதல்முறையாக ‘ஹிம்’ என்று வைத்தால் திடுக்கென்று இருக்கும், பேசுவது பெண் என்று கடைசியில் திரை விலகும். கைதட்டல் கிடைக்கும். மூலத்தில் அப்படி எந்தத் திரையும் இல்லை. அதனால் மூன்றாம் வரியில், முத்தத்தோடு, அழுத்தம் விழாத இடத்தில் ஒரு ‘ஹிம்’. வாயும் கையும் ‘அந்த’ என்றே இருக்கட்டும். பிறகு கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று.

அன்புடன்.