உத்திரமேரூர் கல்வெட்டை வகுப்பில் எப்படி விசாரிப்பது?

கேள்வி: "ஒன்பதாம் வகுப்புக்கு உத்திரமேரூர் கல்வெட்டு நடத்துகிறேன். குடவோலை முறையைப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். 'சான்றைக் கேள்வி கேளுங்கள்' என்றால் மட்டும் 'என்ன கேட்பது மிஸ்?' என்று விழிக்கிறார்கள். ஒரே பீரியடில் இதைப் பழக்க முடியுமா?"

முடியும், பாடப்புத்தகத்தை மூடி வைத்தால். "சோழர் காலத்தில் தேர்தல் இருந்தது" என்ற வரியைப் படித்துவிட்ட பிள்ளை, கல்வெட்டிலும் அதையேதான் தேடும். அதனால் முதலில் கல்வெட்டின் பத்து விதிகளை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிரந்தம் கலந்த மூலத்தைக் கொடுத்தால் படிப்பதிலேயே நேரம் போய்விடும். தாளின் தலைப்பில் இது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளது, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921 என்று மட்டும் இருக்கட்டும்.

முதல் கேள்வி: இதை எழுதியவர் யார், யார் படிப்பதற்காக? பொறித்தவர்கள் பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரம்மதேய ஊரின் சபையார். அரசனின் ஆணைப்படி வந்த அதிகாரி உடனிருக்க முடிவு செய்ததாக அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் இது சபை தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். நடந்ததைப் பார்த்த ஒருவரின் குறிப்பு அல்ல. "இப்படி நடக்க வேண்டும்" என்பதற்கும் "இப்படி நடந்தது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பள்ளி விதிப்பலகையைக் காட்டுங்கள். 'தாமதமாக வரக்கூடாது' என்று எழுதியிருப்பதை வைத்து யாரும் தாமதமாக வருவதில்லை என்று சொல்ல முடியுமா?

அடுத்த கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன்: இந்த விதி எதைக் கண்டு பயப்படுகிறது? சபையின் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது என்கிறது கல்வெட்டு. அதோடு விடவில்லை. அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என்று உறவுமுறையை வரிசையாக அடுக்கி, அவர்களும் கூடாது என்கிறது. "ஏன் இத்தனை சொந்தக்காரர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். ஒரு நிமிடம் போகும். பிறகு யாராவது, "தனக்குப் பதிலா மச்சானை அனுப்பியிருப்பாங்க மிஸ்" என்பார்கள். அது ஊகம்தான், ஆனால் விதியின் வாசகத்தில் ஊன்றிய ஊகம். கரும்பலகையில் 'ஊகம்' என்று தலைப்பிட்டே எழுதுங்கள்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒன்றை எடுக்கும் காட்சியையும் இதே கண்ணோடு பார்க்க வைக்கலாம். குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நான் நடத்தும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும் இடம் இது.

மூன்றாவது: யார் இதில் இல்லை? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு. இவற்றைத் தாண்டி ஊரில் யாரெல்லாம் மிஞ்சுகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பெண்களும் நிலமில்லாதவர்களும் உடனே வந்துவிடுவார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இந்தச் சுவரில் பதில் இல்லை என்பதையும் சொல்ல வைக்க வேண்டும்.

நேரம் மிஞ்சினால் இதே ஊரின் 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டை அருகில் வையுங்கள். அதில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்?

இங்கே ஒரு சறுக்கல் வரும். "அப்போ இது பொய், நம்ப முடியாது" என்று சில பிள்ளைகள் மறுகோடிக்குப் போவார்கள். "எதற்கு நம்பலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். சபை எதை விரும்பியது, எதை அஞ்சியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆண்டுதோறும் ஓலை நேர்மையாக எடுக்கப்பட்டதா என்பதற்கு இது போதாது.

கடைசிப் பத்து நிமிடம் எழுத்துப் பயிற்சி. "உத்திரமேரூரில் மக்களாட்சி இருந்தது: இந்தக் கல்வெட்டை மட்டும் வைத்து இதை எவ்வளவு தூரம் சொல்லலாம்?" எட்டு வரிக்குள் எழுத வேண்டும். கல்வெட்டின் இரண்டு விதிகளாவது மேற்கோளாக வர வேண்டும், ஓர் ஊகம் 'ஒருவேளை' என்ற சொல்லோடு வர வேண்டும், கல்வெட்டு சொல்லாத ஒன்றும் இடம்பெற வேண்டும்.

திருத்தும்போது 'ஆம்', 'இல்லை' எதற்கும் மதிப்பெண் வேண்டாம். "நிலம் உள்ளவர் மட்டுமே வரலாம் என்பதால் ஊரார் எல்லாரும் ஆண்டதாகச் சொல்ல முடியாது" என்று விதியைக் காரணத்தோடு கட்டியிருந்தால் முழு மதிப்பெண். "சோழர்கள் சிறந்த ஆட்சி செய்தனர்" என்று எழுதியிருந்தால், பக்கத்தில் 'எந்த வரியில் இருக்கிறது?' என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.