பிளாஸ்கில் சூடு எந்த வழியாகப் போகிறது?

கால்நடை மருந்தகத்தில் உறைவிந்து வைக்கும் திரவ நைட்ரஜன் கலன்களைப் பல வருடம் பராமரித்தவன் நான். அதுவும் ஒரு பிளாஸ்க்தான். கேளுங்கள்.

வெற்றிடம் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது, அதனால்தான் காபி ஆறுவதில்லை. சரிதானே?

பாதி சரி. வெற்றிடம் எதையும் பிடித்து வைப்பதில்லை. இரண்டு சுவருக்கு நடுவில் சூட்டைச் சுமந்துபோகக் காற்று இல்லை, அவ்வளவுதான். ஆனால் வெயில் நம்மிடம் வருவதுபோல, சூடு வெற்றிடத்தையும் தாண்டும். அதைத் திருப்பி அனுப்பத்தான் கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளிப் பூச்சு. 1892இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் திரவமாக்கிய வாயுக்களை வைத்திருக்க உருவாக்கிய அமைப்பு இது. இத்தனைக்குப் பிறகும் கழுத்து ஒன்று மிச்சம். இரண்டு சுவரும் அங்கேதான் ஒட்டுகின்றன, மேலே வெறும் மூடி. பெரும்பாலான சூடு அந்த வழியாகத்தான் போகும். எங்கள் கலன்களின் கழுத்து ஒடுக்கமாக இருந்ததும் இதனால்தான்.

அண்ணே, 1 லிட்டர் பிளாஸ்கில் பாதி டீ ஊற்றி காலை 6 மணிக்கு வயலுக்குக் கொண்டுபோகிறேன். மதியமே சூடு இறங்கிவிடுகிறது. கெட்டுவிட்டதா?

இருக்காது தம்பி. கழுத்து வழியே போகும் சூடு, பாதி ஊற்றினாலும் முழுக்க ஊற்றினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியே 30 டிகிரி என்று வைப்போம். நிறைய ஊற்றிய 95 டிகிரி டீ 6 மணி நேரத்தில் 75க்கு வருகிற பிளாஸ்கில், பாதி டீ 60ஐ ஒட்டி வந்துவிடும். இழப்பு அதே, இழக்க இருக்கும் சரக்கு பாதி. அடுத்த முறை அரை லிட்டர் பிளாஸ்கில் நிறைய ஊற்றிப் பாருங்கள். முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டுவதும் நல்லதுதான், ஆனால் அதில் 2, 3 டிகிரிதான் மிச்சமாகும்.

கூல் 24 மணி என்று போட்டிருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், சில்லென்று ஆகவே இல்லை.

ஆகாது அம்மா, அது குளிர வைக்காது, இருக்கும் குளிரைக் காக்கும். ஐஸ் கட்டி போட்டு மூடுங்கள். ஐஸ் உருகி முடியும்வரை தண்ணீர் சில்லென்றே இருக்கும். 5 டிகிரி தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் 25தான், கொதிக்கிற டீக்கு 65. குளிர் அதிக நேரம் தாங்குவது அதனால்தான்.

ஸ்டீல் பிளாஸ்க் கீழே விழுந்தது. நசுங்கல் சின்னதுதான், ஆனால் காபி ஊற்றினால் வெளியே கை சுடுகிறது.

வெற்றிடம் போய்விட்டது. எங்கள் கலனில் வெளியே பனி பூத்தால் இதே கதை, அன்றே வேறு கலனுக்கு மாற்றிவிடுவோம். கண்ணாடி பிளாஸ்க் என்றால் உள்ளே இருக்கும் ரீஃபிலை மட்டும் மாற்றலாம். ஸ்டீலைச் சரிசெய்ய வழியில்லை, தண்ணீர் பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது விழவே இல்லை, வெளியே சூடும் இல்லை. ஆனாலும் முன்புபோல் தாங்குவதில்லையே?

மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கலாம். வெந்நீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பாருங்கள், கசிந்தால் வளையம்தான். கசியவில்லை என்றால் வெற்றிடம் மெல்லக் குறைந்திருக்கலாம், இங்கிருந்தபடி உறுதியாகச் சொல்ல முடியாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.